பூட்டிய கதவும் கட்டிய பணமும்

கோச்சிங் சென்டர் மூடப்பட்டது என்று தெரிந்ததும் பெற்றோர் அதன் வாசலுக்குத்தான் ஓடுவார்கள். ஷட்டரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘நிர்வாகக் காரணங்களால் வகுப்புகள் தற்காலிகமாக நிறுத்தப்படுகின்றன.’ கீழே ஒரு செல்போன் எண். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 2025 ஜனவரியில் ஃபிட்ஜீ நிறுவனத்தின் மையங்கள் பல வட இந்திய நகரங்களில் திடீரென மூடப்பட்டபோது, நொய்டாவிலும் காசியாபாத்திலும் பெற்றோர் காவல் நிலையம் வரை போனார்கள். புகார் கொடுப்பது நியாயம்தான். ஆனால் காவல்துறை விசாரிப்பது குற்றத்தை. கட்டிய பணத்தைக் கேட்டு வாங்கும் வழி வேறு. அது வீட்டு பீரோவில் கிடக்கும் ரசீதிலிருந்து தொடங்குகிறது.

ரசீதில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பெயர்ப் பலகையில் இருந்த பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றுதானா? பல ஊர்களில் பலகை ஒரு பெரிய நிறுவனத்தினுடையதாக இருக்கும். பணம் வாங்கியது அதன் பெயரை வாடகைக்கு எடுத்த உள்ளூர்க்காரராக இருக்கும். பூட்டிய பிறகு இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அடுத்தது, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பதிவு செய்தவரின் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்து P என்றால் பணம் வாங்கியவர் தனிநபர். F என்றால் கூட்டு நிறுவனம். C என்றால் கம்பெனி. T என்றால் அறக்கட்டளை. இதைத் தெரிந்துகொண்டால் யார்மீது புகார் எழுத வேண்டும் என்பது பாதி தீர்ந்துவிடும். தனிநபர் என்றால் அவருடைய சொந்த சொத்தும் பொறுப்பு. கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர்கள் எல்லோரும் பொறுப்பு. கம்பெனி என்றால் கம்பெனிதான் பொறுப்பு, இயக்குநரின் வீடு பொதுவாக அதில் சேராது. ஃபிரான்சைஸ் என்று சந்தேகம் இருந்தால் உள்ளூர்க்காரர், தலைமை நிறுவனம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுவதுதான் நல்லது.

ரசீதைத் தேடும் அதே நாளில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சென்டரின் வாட்ஸ்அப் குழுவை நிர்வாகி கலைத்துவிடும் முன் உரையாடல் முழுவதையும் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வகுப்பு எந்தத் தேதியில் நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் அந்தக் குழுதான் சாட்சி. விளம்பரத் தாள், நேர அட்டவணை, பூட்டிய கதவின் புகைப்படம் எல்லாம் அதற்குப் பிறகு.

எவ்வளவு கேட்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஒரு மாணவி 20 மாத நீட் பயிற்சியில் சேர்ந்தாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 1,50,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 27,000, மொத்தம் 1,77,000. இதில் 57,000 ரூபாயை அப்பா யு.பி.ஐ. மூலம் கட்டினார். மீதி 1,20,000 ரூபாய்க்கு சென்டரே ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டி, மாதம் 10,000 வீதம் 12 மாத ‘வட்டியில்லாத் தவணை’ போட்டுக் கொடுத்தது. ஆறு மாதம் வகுப்பு நடந்தது, ஆறு தவணையும் கட்டியாயிற்று. ஏழாம் மாதம் சென்டர் இல்லை.

நடக்காமல் போனது 14 மாதம். இருபதில் பதினான்கு பங்கு என்று பார்த்தால் 1,23,900 ரூபாய் திரும்ப வர வேண்டும். ‘ஜி.எஸ்.டி.யை அரசுக்குக் கட்டிவிட்டோம், அதைத் தர முடியாது’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கொடுக்காத சேவைக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரும்போது அதற்கான வரியைச் சரிசெய்துகொள்ள ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே வழி இருக்கிறது. அது அவர்களுக்கும் வரித் துறைக்கும் இடையே உள்ள கணக்கு. புத்தகங்கள் கொடுத்திருந்தால் அதற்கு ஒரு நியாயமான தொகையைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் சண்டை வேண்டாம். பாதியில் நின்ற நீட் பயிற்சியால் என்ன பயன், முழுப் பணத்தையும் கேட்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். கேட்கலாம்தான். ஆனால் மாதக்கணக்கில் வரும் தொகையை உறுதியான கோரிக்கையாக வைத்து, அலைச்சலுக்கும் வேறு இடத்தில் சேர்ந்த கூடுதல் செலவுக்கும் இழப்பீட்டைத் தனியாகக் கேட்பதுதான் நிற்கும் என்பது என் எண்ணம்.

‘செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற வரி ரசீதின் அடியில் இருக்கும். அதைப் பார்த்தே பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். மாணவர் தாமாக விலகினால் சொல்லும் வரி அது; கடையையே மூடியவர் அதைக் காட்டித் தப்ப முடியாது. 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட கோச்சிங் மைய வழிகாட்டுதல்கள், முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் நடுவில் தாமே விலகினால்கூட மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் கொடுக்கச் சொல்கின்றன. விடுதி, சாப்பாட்டுக் கட்டணத்துக்கும் அதே கணக்கு. மாநிலங்களுக்கு வழங்கிய வழிகாட்டுதல்தான், தானாகவே சட்டமாகிவிடாது. என்றாலும் விலகிய மாணவருக்கே இவ்வளவு என்றால் வெளியே நிறுத்தப்பட்ட மாணவருக்கு எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் எழுதலாம்.

கடன் பகுதிக்கு வருவோம். குடும்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். சென்டர் மூடியதும் தவணையை நிறுத்திவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 1,20,000 ரூபாயை நிதி நிறுவனம் முதல் நாளே சென்டருக்குக் கொடுத்துவிட்டது. சட்டத்தின் பார்வையில் அது அப்பா வாங்கிய கடன். வங்கியில் தவணைப் பிடித்தத்தை நிறுத்தினால் அபராதம் ஏறும், சிபில் மதிப்பெண் இறங்கும், வசூல் ஆட்கள் போன் செய்வார்கள். ஆகவே நிறுத்தும் முன் எழுதுங்கள். எந்தத் தேதியில் சென்டர் மூடியது, எத்தனை தவணை கட்டியாயிற்று, சென்டரைக் காட்டிக் கடன் கொடுத்தது நீங்கள்தான், மீதிக் கடனைச் சென்டரிடமிருந்து எடுத்துக்கொண்டு என் கணக்கை முடியுங்கள் என்று நிதி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். எல்லா நிதி நிறுவனமும் அந்தத் திட்டத்தில் அடங்காது. உங்களுடையது அடங்குமா என்பதை அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நம் கணக்கில் நிதி நிறுவனத்துக்கு இன்னும் 60,000 ரூபாய் பாக்கி. சென்டர் தரவேண்டிய 1,23,900 ரூபாயில் அந்த 60,000 கடனை முடிக்கப் போக வேண்டும். மீதி 63,900 ரூபாய் அப்பாவின் கைக்கு வர வேண்டும். கடிதத்தில் இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள். கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு: ‘சேவை கிடைக்கவில்லை’ என்று சொல்லி, கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது.

இதற்குள் சென்டர் தரப்பிலிருந்து யாராவது பேச வருவார். வேறு கிளையில் சேர்த்துவிடுகிறோம், ஆன்லைனில் பாடம் எடுக்கிறோம் என்பார். நேரடி வகுப்புக்குத்தான் பணம் கட்டினேன், இதை ஏற்கவில்லை என்று வாட்ஸ்அப்பிலாவது பதில் போட்டுவிடுங்கள். பேசாமல் ஒரு மாதம் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டால் ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். சிலர் பின் தேதியிட்ட காசோலை தருவார்கள். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் பணம் கணக்கில் ஏறும் முன் கையெழுத்துப் போடக் கூடாது. காசோலை திரும்பினால் அது உங்களுக்கு வலுவான ஆயுதம்: வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போக வேண்டும். வக்கீல் எழுத வேண்டும் என்பதில்லை. தொகை, தேதி, கணக்கு எண், 15 நாள் அவகாசம். ஒரு பக்கம் போதும். ‘கதவு பூட்டியுள்ளது’ என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், அதுவும் சான்றுதான். அந்த 15 நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். பெயரைக் காப்பாற்ற வேண்டிய பெரிய நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணம் தருவதுண்டு. ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பெரிய வசதி, சென்டரின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நிதி நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, வழக்கு முடியும் வரை தவணை வசூலை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம். கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

பள்ளி என்றால் இதே பாதையில் போக முடியாது. சேலத்தைச் சேர்ந்த விநாயகா மிஷன் பல்கலைக்கழகத்தை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, கோச்சிங் மையங்கள் வரும் என்று 2020 ஜனவரியில் தேசிய ஆணையம் தீர்ப்பளித்தது. ஆகவே பள்ளி மூடப்பட்டால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத வேண்டும். நிர்ணயித்ததைவிட அதிகம் வாங்கியிருந்தால் தனியார் பள்ளிகளின் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் எழுதலாம். அங்கும் தீராவிட்டால் சிவில் நீதிமன்றம். பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேறொரு நிறுவனம் நீட் பயிற்சி நடத்தித் தனி ரசீது கொடுத்திருந்தால், அந்தத் தொகைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு நல்ல வாதம் இருக்கிறது.

ஆணையம் உத்தரவு போட்ட பிறகும் பணம் வராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடலாம். உத்தரவை மீறுபவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்; பல வழக்குகளில் பணம் அந்தக் கட்டத்தில்தான் வெளியே வருகிறது. இதற்கும் அடங்காத நிலை ஒன்று உண்டு: கம்பெனியே திவால் நடவடிக்கைக்குள் போய்விடுவது. பைஜூஸை நடத்திய கம்பெனி 2024 ஜூலையில் அப்படிப் போனது. அதன் பிறகு அந்தக் கம்பெனிமீதான எல்லா வழக்கும் நின்றுவிடும். திவால் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் உரிமை கோரினால்தான் பட்டியலில் பெயர் வரும். சேவைக்காக முன்பணம் கொடுத்தவரும் அந்தச் சட்டத்தில் கடன் கொடுத்தவர்தான் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு சென்னை மெட்ரோ ரயிலுக்கு வாங்கிய விளக்குகளைப் பற்றியது. பயிற்சிக் கட்டணம் கட்டிய பெற்றோரும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். செய்தித்தாளில் வரும் பொது அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும், அதற்குள் படிவம் போக வேண்டும். வங்கிகளுக்குப் பின்னால்தான் உங்கள் முறை வரும். கிடைப்பது முழுத் தொகையாக இருக்காது.