ஜாப் கார்டுல எழுதாத கோளாறு: ஒரு ஸ்கூட்டர் வழக்கின் குறிப்புகள்

என் ஸ்கூட்டர் முதல் தடவை நின்றது அடையாறு திரு.வி.க. பாலத்தில். வாங்கி மூன்று வாரம்கூட ஆகலை. பின்னால் ஆபீஸ் பஸ், அம்மா என் பின் சீட்டில். பத்து நிமிஷம் ஓரமாக நிறுத்திவிட்டு பட்டனை அழுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆயிடுச்சு. அடுத்த இரண்டு வருஷம் இந்தப் "பத்து நிமிஷ"த்தை நிரூபிப்பதில்தான் போனது. நுகர்வோர் ஆணையம் வரை போய், ஓரளவு ஜெயித்து, ஓரளவு தோற்று வந்த கதை. இதில் கற்றுக்கொண்டதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். எந்த கம்பெனி, எந்த ஷோரூம் என்பது இதற்குத் தேவையில்லை.

கோளாறு இதுதான்: வண்டி சூடாகி இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் மெதுவாகப் போகையில் எஞ்சின் அணைந்துவிடும். ஆறினால் ஓடும். தி. நகரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு மயிலாப்பூரிலிருந்து ஓட்டிப் போவதற்குள் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. அங்கே போய்ச் சேர்ந்து, வரிசையில் காத்திருந்து, மெக்கானிக் கையில் எடுக்கும்போது வண்டி ஆறியிருக்கும். தெருவைச் சுத்தி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்.

ஐந்து தடவை போனேன். முதல் தடவை ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தார்கள். இரண்டாவது தடவை த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள். நான்காவது தடவை வாரன்டியில் ஃப்யூயல் பம்ப்பையே மாற்றினார்கள். மற்ற இரண்டு தடவையும் ஒன்றும் செய்யவில்லை. வழக்கு போடலாம் என்று ஜாப் கார்டுகளை வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. முதல் இரண்டு கார்டில் வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் இருந்தது. நான் வாயால் சொன்னது எதுவும் அதில் இல்லை. கீழே "திருப்தி" என்று என் கையெழுத்து வேறு!

மூன்றாவது தடவையிலிருந்து வேறு மாதிரி செய்தேன். "சூடானபின் ஓடும்போதே எஞ்சின் அணைகிறது, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது" என்று அப்படியே எழுதச் சொல்லி, எழுதின பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். வாங்கும்போது கையெழுத்துக்கு மேலே "கோளாறு தீர்ந்ததா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று ஒரு வரி. உள்ளே போன கிலோமீட்டர், வெளியே வந்த கிலோமீட்டர், மாற்றின பாகம், எல்லாம் கார்டில் வரணும். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் மீட்டர் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து, அன்றைக்கே கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

அடையாறில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் "கொண்டா தம்பி, நான் பிரிச்சுப் பார்க்கிறேன்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் வெளியில் பிரித்தால் வாரன்டி போச்சு என்பார்கள், அதைவிட முக்கியமாக, கோளாறே உங்கள் மெக்கானிக் செய்ததுதான் என்பார்கள். அதனால் மறுத்துவிட்டேன்.

வழக்கு எங்கே போடுவது? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வண்டி வாங்கிய ஊரில்தான் போடணும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலும் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். எனக்குச் சென்னை தெற்கு. விலை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். "அடுத்த சர்வீஸ்ல சரியாயிடும்" என்று இழுத்தடிப்பதில் இந்த இரண்டு வருஷம் கரைந்துபோவது சகஜம்.

யார் மேல் போடுவது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவாவில் ஒருவர் 2011 மாடல் கார் என்று பணம் கட்ட, டீலர் ஏற்கெனவே ஓடின 2009 மாடலைக் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டீலர் தனி வியாபாரி, அவர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை டாடா மோட்டார்ஸ் பொறுப்பல்ல என்று 2021ல் தீர்ப்பு வந்தது. ஆகவே விற்பனையில், சர்வீஸில் நடந்த குறை டீலர் மேல், தயாரிப்புக் கோளாறு கம்பெனி மேல் என்று மனுவில் தனித்தனியாகப் பிரித்து எழுதி, இரண்டு பேரையும் சேர்ப்பது நல்லது.

ஜாப் கார்டு கோளாறு திரும்பத் திரும்ப வந்தது என்பதைக் காட்டும். அது தயாரிப்புக் கோளாறுதானா என்பதைக் காட்டாது. கம்பெனியின் பதில் மனுவிலும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: "வண்டி ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கோளாறு இருந்தால் எப்படி ஓடும்?" இதற்குச் சட்டத்தின் 38(2)(சி) பிரிவு இருக்கிறது. சோதித்தால்தான் தெரியும் என்கிற குறையாக இருந்தால், தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்டச் சொல்வார்கள். நான் தனி மனு போட்டுக் கேட்டேன். கேட்கும்போதே "வண்டி சூடான நிலையில், குறைந்தது நாற்பது நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்று சேர்த்தேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நிபுணரும் தெருவைச் சுத்திவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றே எழுதியிருப்பார். முப்பத்தோராவது நிமிஷத்தில் வண்டி நின்றது. எஞ்சினை ஒட்டிப் போகும் ஒயரிங் கொத்தில் மேலுறை உரசித் தேய்ந்து, சூட்டில் தொடர்பு விட்டுப்போகிறது என்று அறிக்கை வந்தது. மாற்றின பம்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி பரிகாரம். நான் முதலில் எழுதியது ஒரே வரி: "முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும்." நண்பர் ஒருவர், வழக்கறிஞர், அதை அடித்துவிட்டுப் படிப்படியாக எழுதச் சொன்னார். முதலில் பணம் அல்லது புது வண்டி. அது இல்லையென்றால் கோளாறான பாகத்தை மாற்றி, வாரன்டியை நீட்டித்தல். இவற்றோடு மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு.

காரணம் இருக்கிறது. 2006ல் மாருதி வழக்கொன்றில், வாரன்டி என்பது கெட்ட பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ தரும் வாக்குதான், அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் 2022ல், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கார் வழக்கில், காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. உயிர் காக்கும் பாகம் வேலை செய்யவில்லை என்பது அங்கே கணக்கில் வந்தது. ஒரு பாகத்தோடு முடியும் கோளாறா, வண்டியை நம்பி ஓட்டவே முடியாத கோளாறா என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். இன்னொன்று, கேட்காததைக் கொடுக்கவும் மாட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு ஒன்றில் தேசிய ஆணையம் விதித்த 25 லட்சம் தண்ட இழப்பீட்டை, மனுவில் அப்படிக் கேட்கவே இல்லை என்று 2014ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

என் வழக்கில் பணம் திரும்ப வரவில்லை. கோளாறு ஒரு பாகத்தில்தான், மாற்றினால் தீரும் என்றது ஆணையம். ஒயரிங் முழுவதையும் இலவசமாக மாற்றி ஒரு வருஷ வாரன்டி, ஐந்து தடவை அலையவிட்டதற்கு டீலர் 15,000 ரூபாய், செலவுக்கு 5,000. இரண்டாம் படியை எழுதாமல் விட்டிருந்தால் இதுவும் சந்தேகம்தான்.

வண்டி இப்போது ஓடுகிறது. பாலத்தில் ஏறும்போது மட்டும் அம்மா என் தோளைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறாள். அதற்கு எந்தப் பிரிவிலும் பரிகாரம் இல்லை.