ஓ-ரிங்கின் பள்ளம்

மூடியில் தண்ணீர் கசிந்தால் கை முதலில் ஸ்பேனரைத்தான் தேடும். போல்ட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று நினைப்போம். தட்டையான கேஸ்கெட் வைத்த மூடியில் அது பெரும்பாலும் பலிக்கும். இறுக்க இறுக்கக் கேஸ்கெட் நசுங்கும், இடைவெளி அடையும். ஓ-ரிங் வைத்த மூடியில் அது பலிக்காது. அங்கே மூடியும் உடலும் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். அதன்பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் ரப்பர் மயிரிழைகூடக் கூடுதலாக நசுங்காது. அது எவ்வளவு நசுங்க வேண்டும் என்பது பள்ளத்தை வெட்டும்போதே முடிவாகிவிட்ட விஷயம். அந்தப் பள்ளத்தைத்தான் பட்டறைகளில் ‘குரூவ்’ என்கிறார்கள்.

இன்று நாம் அறிந்த வடிவில் ஓ-ரிங்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1937இல் விண்ணப்பித்தார், 1939இல் உரிமை கிடைத்தது. ரப்பர் வளையம் அதற்கு முன்பும் இருந்தது. அது உட்காரும் பள்ளத்தின் அளவைத் தேடிக் கண்டதுதான் அவருடைய பெரிய வேலை. வளையத்தின் தடிமனைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளமுள்ள பள்ளத்தில் வைத்தபோது அது நன்றாக அடைத்தது. இன்றைய அட்டவணைகளும் அந்த அளவிலிருந்து வெகுதூரம் விலகிப் போகவில்லை.

வளையத்தைவிடப் பள்ளம் ஏன் அகலமாக இருக்க வேண்டும்? இறுக்கமாகப் பிடித்தால்தானே கசியாது என்று தோன்றும். இதற்குக் காரணம் ரப்பரின் குணத்தில் இருக்கிறது. ரப்பர் வளையும், நீளும், தட்டையாகும். ஆனால் அதன் கன அளவு மட்டும் குறையாது என்றே சொல்லலாம். தண்ணீர் நிரப்பிய பலூனை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குவது போல, மூடி கீழே அழுத்தும்போது ஓ-ரிங் பக்கங்களில் விரிகிறது. விரிய இடம் இல்லையென்றால் மூடி உட்காராது. வலுக்கட்டாயமாக உட்கார வைத்தால் வளையத்தின் ஓரம் இடுக்கில் சிக்கிக் கடிபடும், அல்லது மூடியே வளையும்.

இரண்டாவது காரணமும் உண்டு. ஓ-ரிங் வெறும் நசுக்கத்தால் மட்டும் அடைப்பதில்லை. தண்ணீரின் அழுத்தம் பள்ளத்துக்குள் நுழைந்து வளையத்தை எதிர்ச்சுவரோடு தள்ளுகிறது. தள்ளப்பட்ட வளையம் மூடியையும் பள்ளத்தின் தரையையும் இன்னும் பலமாக அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் கூடுகிறது. அதற்கு வளையத்தின் ஒரு பக்கத்தில் அழுத்தம் புக வழி வேண்டும். பள்ளத்தில் மிச்சமிருக்கும் காலியிடம்தான் அந்த வழி.

இதிலிருந்தே ஒரு வியப்பான விஷயம் புரியும். தண்ணீருக்கடியில் இறக்கும் கேமரா உறைகள் பத்து மீட்டர் ஆழத்தில் தாக்குப்பிடித்துவிட்டு, மேல்மட்டத்தில் கசிவதுண்டு. மேலே தண்ணீரின் உதவி இல்லை. அங்கே வளையத்தைக் காப்பது பள்ளத்தின் ஆழம் தந்த ஆரம்ப நசுக்கம் ஒன்றுதான்.

அப்படி ஓர் உறையையே எடுத்துக்கொள்வோம். அலுமினிய உடல், மேலே தட்டையான அக்ரிலிக் மூடி, இறங்க வேண்டிய ஆழம் பத்து மீட்டர். வடிவமைப்பவர்கள் பலர் முதலில் உடலை வரைந்துவிட்டுப் பிறகு அதற்கேற்ற வளையத்தைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஓ-ரிங்குகள் குறிப்பிட்ட அளவுகளில்தான் கடையில் கிடைக்கும். அமெரிக்க ஏஎஸ்568 அட்டவணையில் 151ஆம் எண் வளையத்தின் உள்விட்டம் 75.87 மி.மீ., தடிமன் 2.62 மி.மீ. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரையத் தொடங்கலாம்.

முதலில் ஆழம். மூடியில் அடைக்கும் அசையாத வளையத்துக்கு 20 முதல் 30 சதவீத நசுக்கம் வேண்டும். 2.62 மி.மீ. வளையத்துக்கு அட்டவணைகள் சொல்லும் ஆழம் 1.88 முதல் 2.03 மி.மீ. வரை. இந்த இடைவெளியை யாரும் மனம்போன போக்கில் வைத்துவிடவில்லை. வளையத்தின் தடிமனே 0.08 மி.மீ. கூடவோ குறையவோ வரலாம். ஒல்லியான வளையம் 2.54 மி.மீ., அது ஆழமான பள்ளத்தில் விழுந்தாலும் 20 சதவீதம் நசுங்கும். தடித்த வளையம் 2.70 மி.மீ., அது ஆழம் குறைந்த பள்ளத்தில் விழுந்தாலும் ஏறத்தாழ 30 சதவீதம்தான் நசுங்கும். நடுவில் 1.95 மி.மீ. என்று வரைந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் பிழைக்க இடம் இருக்கும்.

அடுத்தது அகலம். வளையத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 5.39 சதுர மி.மீ. பள்ளம் 1.95 மி.மீ. ஆழமும் 3.5 மி.மீ. அகலமும் இருந்தால் அதன் பரப்பு 6.83 சதுர மி.மீ. பள்ளத்தில் 79 சதவீதத்தை ரப்பர் பிடித்துக்கொள்கிறது. 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான வழக்கம். மீதி இடம் வீண் அல்ல. வெயிலில் ரப்பர் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். எண்ணெயோ வேறு திரவமோ பட்டால் ஊறிப் பருக்கும். அதற்கும் அந்த இடம்தான் கைகொடுக்கும்.

பள்ளத்தை எந்த விட்டத்தில் வெட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்த உறையில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே தள்ளுகிறது. ஆகவே வளையம் தொடக்கத்திலேயே பள்ளத்தின் உட்சுவரைத் தழுவி நிற்க வேண்டும். உட்சுவரின் விட்டத்தை 76.2 மி.மீ. என வைத்தால் வளையம் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீளும், விழாமல் பிடித்தும் நிற்கும். வெளிச்சுவரின் விட்டம் 83.2 மி.மீ. உள்ளிருந்து வெளியே தள்ளும் பம்ப் மூடியில் இது நேர்மாறு: அங்கே வளையம் வெளிச்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். மாற்றி வைத்தால், அழுத்தம் வரும்போது வளையம் முதலில் பள்ளத்தின் குறுக்கே நகர்ந்தாக வேண்டும். நகரும் அந்த நேரத்தில் கசிவு புகுந்துவிடும்.

பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். மூடியின் மேல் மொத்தம் 45 கிலோவுக்கு மேல் எடை உட்காரும். அது மூடியை உடலோடு சேர்த்தே அழுத்துவதால் நல்லதுதான். தொந்தரவு தருவது மேலே இருக்கும்போதுதான். நசுங்கிய வளையம் மூடியைத் திருப்பித் தள்ளுகிறது. போல்ட்டுகள் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருந்தால் அவற்றின் நடுவே மெல்லிய மூடி மேல்நோக்கி வளையும். அங்கே மட்டும் நசுக்கம் குறையும். போல்ட் எண்ணிக்கையைக் கூட்டுவதும் மூடியைத் தடிப்பாக்குவதும் இதற்கு மருந்து. இருக்கிற போல்ட்டை முறுக்குவது அல்ல.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் சிதறியதற்கு இதன் நெருங்கிய உறவான ஒரு கோளாறே காரணம். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பு, எரியத் தொடங்கிய கணத்தில் மெல்ல விரிந்தது. விரிந்த இடைவெளியைத் தொடர்ந்து சென்று அடைக்க வேண்டிய ஓ-ரிங், அன்றைய குளிரில் விறைத்திருந்ததால் வேகமாக மீளவில்லை. இடைவெளி அசையும் இடத்தில் வளையம் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பட்டறையில் மூடி செய்பவரும் மறக்கக் கூடாது.

மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் முக்கியமாக இருக்கிறது: கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. வளையத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் வரிகளை ரப்பர் மூடிவிடும். வளையத்தைக் குறுக்கே வெட்டும் மெல்லிய கீறல் ஒரு வாய்க்கால். லேத்தில் கடைந்த முகத்தில் வரிகள் இயல்பாகவே வட்டமாக வரும். மில்லிங்கில் ஓட்டிய முகத்தில் குறுக்கு வரிகள் வர வாய்ப்பு உண்டு. பள்ளத்தின் மேல் ஓரங்களில் பிசிறு இருந்தால் எடுத்துவிட்டு லேசாக மழுக்க வேண்டும். கூரான ஓரம் வளையத்தைச் சீவிவிடும்.

இதே உறையை 3டி பிரிண்டரில் எடுத்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பிரிண்டர் 0.2 மி.மீ. அடுக்குகளாக அச்சிடும்போது 1.95 மி.மீ. ஆழம் என்பதே கிடையாது. 2.0 கிடைக்கும், அல்லது 1.8 கிடைக்கும். இரண்டு மி.மீ. என்றால் 24 சதவீத நசுக்கம், நல்லது. 1.8 ஆகிவிட்டால் நசுக்கம் 31 சதவீதம், பள்ளமும் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிடும், மூடி முரண்டு பிடிக்கும். எனவே ஆழத்தை அடுக்கின் மடங்காகவே வரைய வேண்டும்.

அதைவிட நல்ல வழி தடித்த வளையத்துக்கு மாறுவது. ஓர் அடுக்கு தவறினால் 1.78 மி.மீ. வளையத்தில் நசுக்கம் 11 சதவீதம் இடம்பெயரும், 3.53 மி.மீ. வளையத்தில் ஆறு சதவீதம்கூட இல்லை. 3.53 வளையத்துக்கு 2.6 மி.மீ. ஆழம், 4.7 மி.மீ. அகலம் வைத்தால் நசுக்கம் 26 சதவீதம், நிரப்பு 80 சதவீதம். ஆழம் 0.2இன் மடங்காகவும் பொருந்துகிறது. அச்சிட்ட பிளாஸ்டிக் எளிதில் வளைவதால் வளையம் மிருதுவாக இருப்பதும் நல்லது. வழக்கமான 70 ஷோர் கடினத்துக்குப் பதில் 50 ஷோர் வளையம் மூடியை அவ்வளவு பலமாகத் தள்ளாது.

பள்ளம் மேல்நோக்கி இருக்கும்படி அச்சிட வேண்டும். கீழ்நோக்கி அச்சிட்டால் தாங்குகால்களின் தழும்பு வளையம் உட்காரும் தரையிலேயே விழும். தரையின் மேல் அடுக்குக்கு மென்பொருளில் `Concentric` என்ற அமைப்பைத் தேர்ந்தால் வரிகள் வளையத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும். பிறகு 400ஆம் எண் உப்புத்தாளை நனைத்து வட்டமாகவே தேய்த்து, எபாக்சியை மெல்லப் பூசலாம். பூசிய தடிமனும் ஆழத்தைக் குறைக்கும் என்பதால் காய்ந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஈரம் வந்தால் வளையத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் சுவரைச் சந்தேகிக்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் ஊடுருவுவது அச்சிட்ட உறைகளில் சாதாரணமாக நடப்பது.

எங்கே தவறு என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அக்ரிலிக் மூடி வழியாகப் பார்த்தால், ரப்பர் ஒட்டியிருக்கும் இடம் சுற்றிலும் கருமையான பட்டையாகத் தெரியும். பட்டை ஓரிடத்தில் ஒல்லியானால் அங்கே மூடி வளைந்திருக்கிறது, அல்லது பள்ளம் ஆழமாகிவிட்டது. அறுந்திருந்தால் ஒரு முடியோ பிசிறோ குறுக்கே கிடக்கிறது. கழற்றிய வளையத்தின் ஓரம் கடிபட்டிருந்தால் பள்ளத்தில் இடம் போதவில்லை. வளையம் தட்டையாகவே நின்று உருண்டைக்குத் திரும்பாவிட்டால் ரப்பர் செத்துவிட்டது. பள்ளத்தைத் தொடாமல் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும்.

மின்சுற்றை உள்ளே பொருத்துவதற்கு முன், உறைக்குள் காய்ந்த டிஷ்யூ தாளையும் மூழ்குவதற்கு எடையையும் மட்டும் வைத்து மூடி, ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்கக் கிடத்துங்கள். மேல்மட்டத்துத் தண்ணீரில் தாள் காய்ந்தே இருந்தால்தான் ஆழத்தில் இறக்கிச் சோதிக்கலாம்.