துடிக்காத கிரிஸ்டல்

எல்.இ.டி.யை மினுக்க மட்டும் என்றால் ATmega328P சிப்புக்குள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் போதும். ஆனால் அதில் 10 சதவீதம் வரை பிழை இருக்கலாம். சீரியல் தொடர்போ 2 சதவீதத்தைத் தாண்டினாலே தடுமாறும். அங்கே வெளிக் கிரிஸ்டல்தான் சரி.

கிரிஸ்டலின் தகவல் தாளில் 18 பிகோஃபாரட் சுமை என்று இருந்தால், இரண்டு கால்களிலும் 18 போட்டுவிடுகிறவர்கள் அதிகம். கிரிஸ்டலின் பார்வையில் இரண்டு கெபாசிட்டர்களும் தொடராக நிற்பதால் பாதிதான் கணக்கில் வரும். பலகைத் தடமும் சிப்பின் கால்களும் தரும் சுமார் 5-ஐக் கழித்தால் 13. அதன் இருமடங்கு 26. கடையில் கிடைக்கும் 27 பொருந்தும். மிக அதிகமாகப் போட்டால் துடிப்பு தொடங்கவே திணறும்.

எல்லாம் சரி, ஆனாலும் துடிக்கவில்லை என்றால்? சால்டரிங் அயர்னை எடுக்குமுன் ஃபியூஸ் அமைப்பைப் பார்ப்பது நல்லது. புதிய சிப், உள் ஆசிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படியே வருகிறது. அதை மாற்றாதவரை கிரிஸ்டல் அசையாது.

ஆசிலாஸ்கோப்பில் பார்ப்பதானால் புரோபை 10X-இல் வைத்து XTAL2 காலைத் தொட வேண்டும். 1X-இல் புரோபே சுமார் 100 பிகோஃபாரட்டை ஏற்றி, நன்றாக ஓடும் கிரிஸ்டலையும் நிறுத்திவிடக்கூடும். ஃபிளக்ஸ் கசடைத் துடைத்ததும் உயிர்பெறும் பலகைகளும் உண்டு. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரக் கிரிஸ்டல்களில் இதை முதலில் செய்து பார்க்கலாம்.