பத்துப் பேருக்குள் ஒரு கடைசி ஆள்

அலுவலகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் அப்ரைசலில் ஒருவரின் வேலையை இரண்டு விதமாக அளக்கலாம். முன்கூட்டியே வகுத்த இலக்கோடு ஒப்பிட்டு அளப்பது ஒன்று. உடன் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டு அளப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில், எத்தனை பேருக்கு உயர்ந்த ரேட்டிங், எத்தனை பேருக்குத் தாழ்ந்த ரேட்டிங் என்பதை நிறுவனம் முதலிலேயே சதவீதமாக நிர்ணயித்துவிடும். மேனேஜர் அந்தக் கணக்குக்குள் தன் ஆட்களைப் பொருத்தியே ஆக வேண்டும். இதுதான் கட்டாயத் தரவரிசை. பெரும்பாலானோர் நடுவிலும், சிலர் மட்டும் இரு ஓரங்களிலும் வருவதால் வரைபடத்தில் இது மணியின் வடிவம் பெறும். ஐ.டி. நிறுவன ஊழியர்கள் இதை ‘பெல் கர்வ்’ என்றே சொல்வார்கள்.

இந்த முறையைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம். 1981 முதல் 2001 வரை அதன் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை மேல் 20 சதவீதம், நடு 70 சதவீதம், கீழ் 10 சதவீதம் என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். மேலே இருப்பவர்களுக்குத் தாராளமான பரிசு. கீழே இருப்பவர்கள் வெளியேற வேண்டும். பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. பின்னர் சில கைவிடவும் செய்தன. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இதிலிருந்து விலகியது.

இம்முறை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பல மேனேஜர்கள் மனத்தாங்கலுக்கு அஞ்சி எல்லோருக்கும் ஐந்துக்கு நான்கு போட்டுவிடுவார்கள். அப்போது யாருக்குச் சம்பள உயர்வு, யாருக்குப் பயிற்சி என்று முடிவெடுக்க ரேட்டிங் உதவாது. கட்டாயத் தரவரிசை அந்தத் தாராளத்துக்கு அணை போடுகிறது. ஆனால் அது தவறான இடத்தில் அணை போடுகிறது என்பதை, சிறிய டீம் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டாலே பார்த்துவிடலாம்.

மணி வடிவம் பெரிய எண்ணிக்கையில்தான் தெளிவாகத் தெரியும். நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் பாதிக்கு மிக அருகில் தலை விழும். பத்தே முறை சுண்டினால் சரியாக ஐந்து தலை விழ வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான். மூன்று விழலாம், ஏழும் விழலாம். ஒரு நிறுவனம் முழுவதற்கும் பொருந்தும் விகிதம், அதிலுள்ள ஒவ்வொரு டீமுக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் இதே பிழைதான்.

1,000 பேர் வேலை செய்யும் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்து கொள்ளலாம். அதில் உண்மையிலேயே 100 பேர் கீழ் 10 சதவீதத்தைச் சேர்ந்தவர்கள். எல்லோரையும் கலந்து, பத்துப் பத்துப் பேராக 100 டீம்கள் அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு டீமும் ஒருவருக்குக் கடைசி ரேட்டிங் தர வேண்டும் என்பது விதி. மேனேஜர்கள் யாரும் பாரபட்சம் காட்டுவதில்லை, யாருடைய மதிப்பீடும் தவறுவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒருவர் கீழ்ப் பிரிவில் இல்லாமலிருக்க வாய்ப்பு 90 சதவீதம். ஒரு டீமின் பத்துப் பேருமே அப்படி இல்லாமலிருக்க என்ன வாய்ப்பு என்று அறிய, 0.9-ஐப் பத்து முறை எடுத்துப் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.35. அதாவது சுமார் 35 டீம்களில் கடைசி ரேட்டிங்குக்கு உரியவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் விதிப்படி அங்கே ஒருவர் பெயரைக் குறித்தாக வேண்டும். ஆகவே 35 பேர் செய்யாத தவறுக்குத் தண்டனை பெறுகிறார்கள். மற்ற 65 டீம்களில் சரியான ஒருவர் குறிக்கப்படுகிறார். ஆனால் அவற்றுள் சுமார் 26 டீம்களில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருப்பார்கள். அங்கே ஒருவர் மட்டும் மாட்ட, மற்றவர்கள் தப்புகிறார்கள். தப்பியவர்களும் மொத்தம் 35 பேர். எந்த மேனேஜரும் பிழை செய்யாமலேயே, குறிக்கப்பட்ட நூறு பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாகக் குறிக்கப்பட்டவர்.

டீம் இன்னும் சிறியதானால் நிலைமை மேலும் மோசமாகும். ஐந்து பேரில் 10 சதவீதம் என்பது அரை ஆள். அதை ஒரு முழு ஆளாக்கினால், 200 டீம்களில் ஏறத்தாழ 118 டீம்கள் தகுதியற்ற தண்டனையைத் தர நேரும். பூஜ்யமாக்கினால் விதியே இல்லாமல் போகும். நடைமுறையில் டீம்கள் சீட்டுக் குலுக்கி அமைக்கப்படுவதும் இல்லை. கடினமான வேலைக்கென்று தேர்ந்தெடுத்த ஆட்களை ஒரே டீமில் சேர்ப்பார்கள். அந்த டீமுக்கு இந்த விதி இன்னும் அதிக அநீதி செய்கிறது.

இதைச் சரிசெய்ய நிறுவனங்கள் பல சிறிய டீம்களை ஒன்றாகச் சேர்த்து, மேனேஜர்களைக் கூட்டிப் பேசி, ரேட்டிங்குகளை ஒழுங்குபடுத்துகின்றன. இதற்கு ‘நார்மலைசேஷன்’ என்று பெயர். எண்ணிக்கை கூடுவதால் கணக்குப் பிழை குறையும். ஆனால் புதிய சிக்கல் ஒன்று வருகிறது. டெஸ்டிங் செய்பவரையும் வாடிக்கையாளரோடு பேசுபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, இருவர் வேலையையும் அருகிலிருந்து பார்த்தவர் அந்த அறையில் இருக்க மாட்டார். வாதாடத் தெரிந்த மேனேஜரின் ஆட்கள் மேலே போவார்கள்.

ஊழியர்களும் விதிக்கேற்ப நடக்கத் தொடங்குகிறார்கள். பத்துப் பேரில் ஒருவர் கீழே போவது நிச்சயம் என்றால், தடுமாறும் சக ஊழியருக்குக் கற்றுக்கொடுப்பது தனக்கே ஆபத்து. திறமைசாலிகள் நிறைந்த டீமுக்கு மாற்றல் கேட்க யாரும் துணியமாட்டார்கள். மேனேஜரோ, அடுத்த ஆண்டு கடைசி ரேட்டிங் கொடுக்க ஆள் வேண்டுமே என்று, சரியாக வேலை செய்யாத ஒருவரை டீமிலேயே வைத்துக்கொள்ளக்கூடும். பலவீனத்தைக் களைய வந்த விதி அதைப் பாதுகாக்கத் தொடங்கும்.

ஒரு டீமில் இந்த முறை பழுதாகிவிட்டதை ஆவணங்களே காட்டிக்கொடுக்கும். கடைசி ரேட்டிங் ஆண்டுக்கொருவராகச் சுற்றி வரும். அல்லது புதிதாகச் சேர்ந்தவருக்கும், அண்மையில் ப்ரமோஷன் பெற்றவருக்கும், பேறுகால விடுப்பிலிருந்து திரும்பியவருக்கும் திரும்பத் திரும்பப் போகும். எழுத்தில் உள்ள கருத்து பாராட்டாக இருக்கும். எண் மட்டும் தாழ்ந்திருக்கும். நார்மலைசேஷன் கூட்டத்துக்குப் பின் ரேட்டிங் இறங்கியிருக்கும். ஆனால் வேலை பற்றிய புதிய தகவல் எதுவும் பதிவாகியிருக்காது.

சிறிய டீம்களுக்குப் பொருத்தமான வழி, ரேட்டிங்கையும் பணத்தையும் பிரித்து வைப்பது. சம்பள உயர்வுக்கான மொத்தத் தொகைக்கு வரம்பு இருக்கலாம். அது பட்ஜெட் சம்பந்தப்பட்டது. எத்தனை பேர் நன்றாக வேலை செய்தார்கள் என்பதற்கு வரம்பு வைக்க முடியாது; அது நடந்துமுடிந்த உண்மை. ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு நிலைக்கும் எது போதும், எது போதாது என்று எழுதி வைத்து, அதன்படி ரேட்டிங் தர வேண்டும். நான்கு பேர் மிக நன்றாகச் செய்திருந்தால் நால்வருக்கும் அதே ரேட்டிங். இருக்கும் தொகை அவர்களுக்குள் பங்கிடப்படும். சதவீத விகிதத்தை, ஒரே வகை வேலை செய்யும் பெரிய குழுக்களில் சந்தேகம் எழுப்பும் அடையாளமாக மட்டும் பயன்படுத்தலாம். நூறு பேரில்கூட, பத்துக்குப் பதிலாக ஏழோ பதின்மூன்றோ வருவது இயல்பே.

மேனேஜரின் தாராளத்தை இந்த வழி தானாகத் தடுத்துவிடாது. அதற்கு, ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் செய்த வேலையிலிருந்து சான்று காட்டும்படி மேனேஜரிடம் கேட்க வேண்டும். சான்று இல்லாத உயர்ந்த ரேட்டிங்கையும் சான்று இல்லாத தாழ்ந்த ரேட்டிங்கையும் ஒரே கண்டிப்போடு திருப்பி அனுப்ப வேண்டும். உண்மையிலேயே வேலை போதாத ஒருவருக்கு அப்போதும் தாழ்ந்த ரேட்டிங் கிடைக்கும். அது அவர் செய்த வேலைக்காகக் கிடைத்ததாக இருக்கும். டீமில் யாராவது ஒருவர் கீழே போயாக வேண்டும் என்பதற்காக அல்ல.