தலைவலிக்கு முன்னால் சில வாரங்கள்

நாற்பது வயது, ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரை வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாகத் தலைவலி. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரைக்குச் சற்றுக் குறைந்து, மறுநாள் மீண்டும் வருகிறது. ஒரு டாக்டர் சைனஸ் என்றார். இன்னொருவர் கண்ணைச் சோதிக்கச் சொன்னார். நான்காவது வாரம் வாந்தி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், பேச்சில் தடுமாற்றம். பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. சிடி4 எண்ணிக்கை 38.

இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிடி4 என்பது நோய் எதிர்ப்புப் படையை நடத்தும் வெள்ளணு. நலமாக உள்ளவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் முற்றிய எச்.ஐ.வி. என்கிறார்கள். அதுவரை நம் உடம்பில் வாலாட்ட முடியாமல் கிடந்த கிருமிகளுக்கு அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கிறது. இவரைத் தாக்கியிருப்பது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. புறா எச்சம் கலந்த மண்ணில் நிறைய இருக்கும். மூச்சோடு நம்மில் பலருக்குள்ளும் போயிருக்கும், ஒன்றும் செய்திருக்காது. சிடி4 நூறுக்குக் கீழே சரிந்தவர்களில் சிலருக்கு அது நுரையீரலை விட்டு ரத்தத்தில் கலந்து மூளையுறைக்குப் போய்விடுகிறது. மூளைக்காய்ச்சல் என்றால் கழுத்து விறைக்கும் என்று படித்திருப்போம். இதில் பலருக்கு அது இருக்காது. எதிர்த்துப் போராடப் படை இல்லாததால் வீக்கமும் குறைவு. நோய் சத்தமில்லாமல் வருவதற்குக் காரணம் இதுதான்.

உறுதிசெய்ய முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் குடும்பம் தயங்கும்.

“சார், முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே?”

“தண்டுவடம் முடிஞ்சதுக்குக் கீழதாம்மா ஊசி போடுறோம். அங்க வெறும் நீரும் நரம்பு இழைகளும்தான் இருக்கு. இதைப் போடலைன்னாதான் ஆபத்து.”

டாக்டர் மிகைப்படுத்தவில்லை. இந்த ஊசி பரிசோதனை மட்டுமல்ல, சிகிச்சையும்கூட. கிரிப்டோகாக்கஸ் தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு உறையை வைத்திருக்கிறது. அந்த உறைப்பொருள் மூளை நீர் வடிகிற நுண்ணிய வழிகளை அடைத்துவிடுகிறது. நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடியாது. ஊசியோடு கண்ணாடிக் குழாயைப் பொருத்திப் பார்த்தால் நீர் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் நிற்க வேண்டும். இவருக்கு 42. ஏறக்குறைய 25 மி.லி. வடித்ததுமே தலைவலி தணிந்தது. மறுநாள் அழுத்தம் மீண்டும் ஏறியது, மீண்டும் வடித்தார்கள். அழுத்தம் அடங்கும்வரை தினமும் வடிக்க வேண்டியிருக்கலாம். விட்டுவிட்டால் பார்வையும் காதும் போகும், உயிரும் போகும்.

மருந்தில் அண்மையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. முன்பு ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்தை ஒரு வாரமோ இரண்டு வாரமோ தினமும் நரம்பில் ஏற்றுவார்கள். சிறுநீரகம் கெடும், பொட்டாசியம் இறங்கும். கொழுப்புத் துகளில் அடைத்த அதே மருந்தை ஒரே ஒருநாள் கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் கொடுத்து, கூடவே இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகள் தந்தால் பழைய முறைக்குக் குறைவில்லாத பலன் கிடைக்கிறது என்று ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது. நம் ஆளின் எடைக்கு அந்த ஒருநாள் அளவு 500 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பிகள் பத்து. இவ்வளவு செய்தும் அந்த ஆய்வில் பத்து வாரத்துக்குள் கால்வாசிப் பேர் இறந்துபோனார்கள்.

இனி வருவதுதான் பலருக்கும் புரியாத இடம். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்துவிட்டது, ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை ஏன் அன்றைக்கே தொடங்கவில்லை? தொடங்கினால் எதிர்ப்புப் படை திடுமென எழுந்து, மூளையுறையில் இருக்கும் பூஞ்சைமீது பாயும். அந்த வீக்கத்துக்கு மண்டையோட்டுக்குள் இடமில்லை. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஓரிரு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30 சதவீதம். எனவே நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கிறார்கள்.

நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவில் கதை அப்படியே தலைகீழ். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்து, எய்ட்ஸ் என்ற ஒன்று இருப்பதையே மருத்துவ உலகம் கவனிக்க வைத்த நோய் இது. இதுவும் பூஞ்சைதான். ஆனால் வழக்கமான பூஞ்சை மருந்துகளுக்கு அசையாது. பாக்டீரியாவுக்கான கோட்ரைமாக்சசோலுக்கு மடங்கும். வறட்டு இருமல், வாரக்கணக்கில் மெல்ல ஏறும் மூச்சுவாங்கல். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஸ்டெதஸ்கோப்பிலும் கேட்காது. உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் கருவி 96 காட்டும். வராந்தாவில் நாலு நடை நடக்கவிட்டால் 86-க்கு இறங்கிவிடும். இந்த நடைச் சோதனைக்குப் பைசா செலவில்லை. டி.பி. என்று நினைத்து நாளைக் கடத்துகிற இடங்களில் இதைச் செய்தாலே சந்தேகம் எழும். இந்த நோயில் ஆக்சிஜன் இறங்கியிருந்தால் ஸ்டீராய்டு உயிரைக் காக்கும். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் அதே ஸ்டீராய்டு தீங்கு செய்யும். இங்கே ஏ.ஆர்.டி.யையும் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடலாம்.

வந்தபின் இத்தனை கூத்து. வராமல் தடுக்கவோ நாளுக்கு ஒரு மாத்திரை போதும், டபுள் ஸ்ட்ரென்த் எனப்படும் கோட்ரைமாக்சசோல், விலையும் மிகக் குறைவு. இதே மாத்திரையை நோய் வந்தபின் நாளுக்கு ஐந்தாறு என்று மூன்று வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். மூளையில் கட்டி உண்டாக்கும் டாக்சோபிளாஸ்மாவையும் இது தடுக்கிறது. தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வாய், கண் புண்ணாகித் தோல் உரிந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாப்சோன் இருக்கிறது. அதற்கு முன் ஜி6பிடி பரிசோதனை பார்ப்பது நல்லது, அந்த நொதி குறைந்தவர்களுக்கு ரத்த அணுக்கள் உடையும்.

கோட்ரைமாக்சசோல் கிரிப்டோகாக்கஸைத் தடுக்காது. அதற்கு வேறு வழி. பூஞ்சையின் அந்த வழவழப்பான உறைப்பொருள், தலைவலி வருவதற்குச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தில் தென்பட ஆரம்பிக்கிறது. கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு பட்டையை ரத்த நீரில் நனைத்தால் பத்து நிமிடத்தில் இரண்டாவது கோடு விழும். சிடி4 நூறுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் ஏ.ஆர்.டி. தொடங்குமுன் இதைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 200 வரை உள்ளவர்களுக்கும் செய்யலாம் என்கிறது. கோடு விழுந்தால் முதுகு நீரையும் பார்ப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் இரண்டு வாரம் அதிக அளவில், பிறகு படிப்படியாகக் குறைத்து. நம் ஆள் தலைவலி தொடங்குமுன் நம்பிக்கை மையத்துக்குப் போயிருந்தால் இந்த மாத்திரைகளோடு வீட்டில் இருந்திருக்கலாம்.

இதற்கெல்லாம் முதலில் சிடி4 பார்த்திருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை வந்த பிறகு, வைரஸ் அளவைப் பார்த்தால் போதும் என்ற எண்ணம் பரவிவிட்டது. என் பார்வையில் அது பாதி சரி. மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரஸ் அளவு சொல்லும், இந்த ஆள் அடுத்த மாதம் எதில் விழுவார் என்பதைச் சொல்லாது. ஏ.ஆர்.டி.யை இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கும் சிடி4 பார்த்தே ஆக வேண்டும்.

மாத்திரைகளை எப்போது நிறுத்தலாம்? நம் நாட்டு வழிகாட்டுதலின்படி, ஆறு மாத இடைவெளியில் இருமுறை பார்த்து இரண்டிலும் சிடி4 350-ஐத் தாண்டியிருந்தால் கோட்ரைமாக்சசோலை டாக்டர் நிறுத்துவார். மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவருக்கு 200 மி.கி. ஃப்ளூகோனசோல் குறைந்தது ஒரு வருடம். வைரஸ் அடங்கி, சிடி4-உம் ஏறிய பிறகுதான் அதை விடலாம்.