10 நானோ விநாடி எங்கே போனது?

ஒரு சின்ன மின்சுற்று. 74LS393 என்ற கவுண்டர் சிப், விநாடிக்கு 10 லட்சம் கிளாக் துடிப்புக்கு 0 முதல் 7 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-க்கு வருகிறது. அதன் மூன்று வெளியீடுகள் 74LS138 என்ற டீகோடருக்குப் போகின்றன. எண் 5 ஆனால் டீகோடரின் Y5 என்ற கால் தாழ்ந்து ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பை 1 ஆக்கும். அடுத்த சுற்றில் எண் 4 வரும்போது Y4 தாழ்ந்து அதை 0 ஆக்கும். காகிதத்தில் பிழையே இல்லை. ஆனால் மேசையில், சில சுற்றுகளில் 5-இல் ஏறிய ஃபிளிப்-ஃபிளாப் 6 வந்தவுடனேயே இறங்கிக் கிடக்கிறது.

இதைப் பார்க்கத்தான் லாஜிக் அனலைசர். பல கம்பிகளில் ஓடும் 0, 1 மாற்றங்களை ஒரே நேரத்தில் பதிந்து திரையில் காட்டும் கருவி அது. எந்தக் கணத்தில் கம்பியைப் பார்ப்பது என்பதை இரண்டு விதமாக முடிவு செய்யலாம். ஸ்டேட் மோடில் சோதிக்கப்படும் சுற்றின் கிளாக்கே அனலைசருக்கும் கிளாக். டைமிங் மோடில் அனலைசர் தன் சொந்தக் கிளாக்கைக் கொண்டு, சுற்றைப் பற்றிக் கவலைப்படாமல், சீரான இடைவெளியில் பார்த்துக்கொண்டே போகும்.

முதலில் ஸ்டேட் மோடில் போட்டுப் பார்ப்போம். இந்தக் கவுண்டர் கிளாக் இறங்கும்போது எண்ணை மாற்றும். நாம் கிளாக் ஏறும்போது பதிகிறோம். பட்டியல் அழகாக வருகிறது: 4, 5, 6, 7, 0. Y4 தாழ்ந்திருப்பது 4-இல் மட்டும். ஆனால் ஃபிளிப்-ஃபிளாப் 5-இல் 1, 6-இல் 0. விளைவு கண்முன் இருக்கிறது, காரணம் பட்டியலில் இல்லை. அனலைசர் பொய் சொல்லவில்லை. இரண்டு கிளாக் விளிம்புகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று நாம் அதைக் கேட்கவே இல்லை. எல்லாப் பகுதிகளும் ஒரே கிளாக்குக்குக் கட்டுப்பட்ட சுற்றில் அந்த இடைவெளி முக்கியமல்ல. இங்கே Y4 போய்ச் சேர்வதோ, கிளாக்குக்குக் காத்திராமல் உடனே செயல்படும் கிளியர் கால்.

நடுவில் நடப்பது இது. 393 ஒரு ரிப்பிள் கவுண்டர். முதல் பிட் மாறியபின்தான் அடுத்த பிட் மாறும், ஏறக்குறைய 10 நானோ விநாடி தாமதத்தில். 5 என்பது 101, 6 என்பது 110. முதலில் கடைசி 1 இறங்குகிறது: 100. அது 4! பிறகுதான் நடு பிட் ஏறி 110 ஆகிறது. அந்தக் கணநேர 4-ஐ டீகோடர் நம்பி, Y4-ஐத் தாழ்த்தி எடுக்கிறது. இதைத்தான் கிளிட்ச் என்கிறோம். 7-இலிருந்து 0-க்குப் போகும்போதும் இதே கதை. ஃபிளிப்-ஃபிளாப் தயாரிப்பாளர் கிளியருக்குக் கேட்கும் குறைந்தபட்சத் துடிப்பு 20, 25 நானோ விநாடி. அதைவிடக் குறுகியதற்கு அது அசையலாம், அசையாமலும் இருக்கலாம். பிழை சில சுற்றுகளில் மட்டும் வருவது அதனால்தான்.

சரி, டைமிங் மோடுக்கு மாறலாம். மலிவான யூஎஸ்பி அனலைசர் பலவற்றின் உச்ச வேகம் 24 மெகாஹெர்ட்ஸ், அதாவது 41.7 நானோ விநாடிக்கு ஒரு பார்வை. 10 நானோ விநாடி கிளிட்ச் அந்தப் பார்வையில் விழ வாய்ப்பு சுமார் நான்கில் ஒன்று. நிறைய சுற்றுகள் ஓடுகின்றனவே, எப்படியும் அகப்படும் என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் சுற்று 1 மெகாஹெர்ட்ஸ், அனலைசர் அதன் சரியான 24 மடங்கு. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பார்வைகள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும். இரு படிகக் கிளாக்குகளுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்று வைத்தால், 100 மைக்ரோ விநாடியில் பார்வை நகர்வது வெறும் 2 நானோ விநாடி. முதல் கிளிட்ச் தப்பினால், பெரும்பாலும் அந்தத் திரை முழுக்கத் தப்பும். அகப்பட்டாலோ அது 41.7 நானோ விநாடி அகலத் துடிப்பாகத் தெரியும், அகலமும் தவறு.

500 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால் 2 நானோ விநாடிக்கு ஒரு சாம்பிள். கிளிட்சின் மேல் ஐந்து புள்ளிகள் விழும், தப்ப வழியில்லை. அதற்கு விலை நினைவகம்: பத்து லட்சம் சாம்பிள் 24 மெகாஹெர்ட்ஸில் 41 மில்லி விநாடிக்கு வரும், 500-இல் 2 மில்லி விநாடிக்குத்தான். எனவே ஃபிளிப்-ஃபிளாப் இறங்கும் கணத்தை டிரிகராக வைத்து, அதற்குச் சற்று முன்னும் பின்னும் மட்டும் பதிய வேண்டும்.

இந்தச் சுற்றைத் திருத்தப் புதிய சிப் எதுவும் வேண்டாம். 138-இன் G1 காலைக் கிளாக்கோடு இணைத்தால், கிளாக் உயர்ந்திருக்கும்போது மட்டும் டீகோடர் வேலை செய்யும். கவுண்டர் மாறுவது கிளாக் இறங்கும்போது. டீகோடர் திறக்குமுன் அடங்க அதற்கு அரை மைக்ரோ விநாடி கிடைக்கிறது. Y4 இப்போது 4-இல் மட்டும், 500 நானோ விநாடி அகலத்தில் வருகிறது.