விடியற்காலை வெந்நீருக்குப் பகல் வெயில்

மாணவர் விடுதியில் வெந்நீருக்கான நெரிசல் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடிந்துவிடும். வெயிலோ ஒன்பது மணிக்கு மேல்தான் மொட்டை மாடியில் உறைக்க ஆரம்பிக்கும். இன்று பகலில் கிடைத்த சூட்டை நாளை விடிகாலை வரை காப்பாற்றிக் கொடுப்பதுதான் விடுதி சோலார் வாட்டர் ஹீட்டரின் வேலை. வெயிலை வாங்கப் பேனல், சூட்டைக் காக்க டேங்க், வெயில் ஏமாற்றும் நாளுக்கு ஒரு மின் ஹீட்டர் என மூன்றும் சேர்ந்து அதைச் செய்கின்றன. பேனலையும் டேங்கையும் கணக்குப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, மின் ஹீட்டரை எங்கே பொருத்துவது, எந்த நேரத்தில் ஓட்டுவது என்று யோசிப்பதில்லை. மாடி நிறையப் பேனல் இருந்தும் கரண்ட் பில் குறையாத விடுதியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கோவைப் பக்கம் 200 மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு வெந்நீர்?

ஒருவர் குளிக்க ஒரு பெரிய வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீர், 40 டிகிரி சூட்டில் போதும். 200 பேருக்கு 4,000 லிட்டர். இதைப் பார்த்ததும் 4,000 லிட்டர் டேங்க் வேண்டும் என்று தோன்றும், வேண்டியதில்லை. டேங்கில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கும். அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் குளிக்கிறோம். டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீர் 24 டிகிரி என்று கொண்டால், 40 டிகிரி வாளியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் டேங்க் தண்ணீர் சேரும். 4,000 லிட்டருக்குச் சுமார் 1,780 லிட்டர் வெந்நீர் ஆகிறது. இரவில் டேங்கும் போகும் வழியில் குழாயும் இழக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் சேர்த்து 2,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 2,000 லிட்டரை 24 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி. 36 டிகிரி ஏற்ற வேண்டும்; ஆகவே 72,000 கிலோ கலோரி. 860 கிலோ கலோரி ஒரு மின் யூனிட்டுக்குச் சமம் என்பதால், நாளொன்றுக்கு 84 யூனிட். வெயில் கொடுக்க வேண்டியது இவ்வளவு.

பேனலும் டேங்கும் ஜோடி சேர வேண்டும்

கோவையில் மேகமில்லாத நாளில், தெற்கு பார்த்துச் சாய்த்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 5 யூனிட் வெயில் விழுவதாகக் கொள்ளலாம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவே தண்ணீரில் சூடாகச் சேரும். மீதி கண்ணாடியில் பட்டுத் திரும்பியும் காற்றில் கலந்தும் போய்விடும். 45 சதவீதம் என்று எடுத்தால் சதுர மீட்டருக்கு 2.25 யூனிட். 84 யூனிட்டுக்கு 37 சதுர மீட்டர் தேவை. சந்தையில் கிடைக்கும் தட்டையான பேனல் ஒன்று ஏறக்குறைய 2 சதுர மீட்டர் என்பதால், 20 பேனல்கள், 40 சதுர மீட்டர். 100 லிட்டருக்கு ஒரு பேனல் என்று விற்பனையாளர்கள் சொல்லும் வாய்க்கணக்கு இப்படித்தான் சரியாக வருகிறது. வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையென்றால் சூட்டை வெளியே விடுவது குறைவு. இதைவிடக் குறைந்த பரப்பு போதும்.

இந்த ஜோடியில் ஒன்றை மட்டும் கூட்டிக் குறைத்தால் கெடுதல்தான். பணம் மிச்சம் என்று அதே 40 சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர் டேங்க் வைத்தால், மாலைக்குள் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். தண்ணீர் சூடேற ஏறப் பேனல் வெளியே விடும் வெப்பமும் கூடும். பிற்பகல் வெயிலில் ஒரு பகுதி வீணாகும். மாறாக 4,000 லிட்டர் டேங்க் வைத்தால் அதே வெயிலில் எல்லாத் தண்ணீரும் 42 டிகிரிக்குத்தான் ஏறும். இரவில் சில டிகிரி இறங்கி, குழாயிலும் கொஞ்சம் போனால், குளியலறைக்கு வருவது வெதுவெதுப்பு மட்டுமே. ஒரு சதுர மீட்டருக்கு 50 லிட்டர் என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கும் அளவு.

எந்த மாதத்தை வைத்து அளவு முடிவு செய்வது என்பதும் முக்கியம். மே மாத வெயில் கடுமை. ஆனால் விடுதி அப்போது காலி. வெந்நீர் அதிகம் தேவைப்படுவது டிசம்பரிலும் ஜனவரியிலும். அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்து வருவதால், 11 டிகிரி அட்சத்தில் உள்ள கோவையில் பேனலை 20 முதல் 25 டிகிரி வரை சாய்த்து வைப்பது நல்லது. கோடை விடுமுறையில் தண்ணீர் எடுப்பார் இல்லாமல் பேனல் தினமும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவது பேனலுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் ஆயுள் கூட்டும்.

மின் ஹீட்டர் எங்கே இருக்க வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் 2 யூனிட்டுக்கு இறங்கிவிட்ட ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மங்கிய வெயிலில் பேனலின் திறனும் 35 சதவீதத்துக்குக் குறையும். 40 சதுர மீட்டரும் சேர்ந்து 28 யூனிட்தான் தரும். டேங்க் 36 டிகிரியில் நின்றுவிடும். மீதி 56 யூனிட்டை மின்சாரம் தர வேண்டும்.

இதற்காகப் பலர் செய்வது, 2,000 லிட்டர் டேங்கின் அடியிலேயே ஹீட்டர் காயிலைப் பொருத்தி, தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு வைத்து, சுவிட்சைப் போட்டே விட்டுவிடுவது. பளிச்சென்று வெயில் காயும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலை ஐந்து மணிக்கு முதல் மாணவர் வாளியைப் பிடித்ததும், போன வெந்நீருக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர் டேங்கின் அடியில் நுழைகிறது. அடியிலிருக்கும் தெர்மோஸ்டாட் உடனே ஹீட்டரை இயக்குகிறது. 18 கிலோவாட் ஹீட்டர் 84 யூனிட்டையும் ஐந்து மணி நேரத்துக்குள் கொடுத்துவிடும். அதாவது காலை பத்து மணிவாக்கில், வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில், டேங்க் முழுவதும் மின்சாரத்தால் சூடாகிவிட்டிருக்கும். அதன் பிறகு அன்றைய வெயில் சூடாக்குவதற்குப் பச்சைத் தண்ணீரே இல்லை.

இதைத் தவிர்க்க நல்ல வழி, ஹீட்டரைத் தனியாக 500 லிட்டர் டேங்கில் வைப்பது. சோலார் டேங்கின் மேற்பகுதியிலிருந்து வரும் தண்ணீர் இந்தச் சின்ன டேங்க் வழியாகத்தான் குளியலறைக்குப் போக வேண்டும். சூடாக வந்தால் ஹீட்டருக்கு வேலையில்லை; வெதுவெதுப்பாக வந்தால் குறையும் சூட்டை மட்டும் ஹீட்டர் கூட்டிவிடும். 6 கிலோவாட் காயில் மூன்று, தெர்மோஸ்டாட் 50 டிகிரி, டைமர் காலை நான்கு முதல் எட்டு வரை. மழை நாளில் நான்கு மணிக்குத் தொடங்கினால், குளியலுக்கு முன்பே 500 லிட்டரை 36 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 8 யூனிட் செலவாகும். ஐந்து முதல் எட்டு வரை அதிகபட்சம் 54 யூனிட் தர முடியும். இரண்டும் சேர்ந்து தேவையான 56 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. பகல் முழுக்க ஹீட்டர் ஓய்வில் இருப்பதால், சோலார் டேங்கில் புகுந்த பச்சைத் தண்ணீர் வெயிலுக்காகக் காத்திருக்கும்.

ஏற்கெனவே ஒரே டேங்க் மட்டும் உள்ள விடுதியில், காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் அடியிலிருந்து மேல் மூன்றில் ஒரு பங்குக்கு மாற்றி, டைமர் போடலாம். வெந்நீர் மேலே நிற்கும், பச்சைத் தண்ணீர் அடியில் நிற்கும் என்பதால், மேலே உள்ள காயில் தனக்கு மேலுள்ள தண்ணீரைத்தான் சூடாக்கும். மேகமூட்ட நாட்கள் அதிகமுள்ள ஊர்களில் காயிலுக்குப் பதில் ஹீட் பம்ப் வைப்பதையும் யோசிக்கலாம். அது காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால் மின்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். 56 யூனிட் தேவை 19 யூனிட்டில் முடியும். வாங்கும் விலை கூடுதல்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 20 முதல் 45 டிகிரிக்குள் நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். ஷவரின் நுண்துளிகளோடு மூச்சில் கலந்தால் நிமோனியா வரலாம். வெயில் நாட்களில் டேங்க் தானாகவே 60 டிகிரியைத் தொட்டுவிடும். தொடர் மழை வாரங்களில், வாரம் ஒருமுறை யாரும் குளிக்காத நேரத்தில் ஹீட்டரை 60 டிகிரிக்கு உயர்த்தி, மோட்டார் மூலம் அந்தத் தண்ணீரை டேங்குகளிலும் குழாய்களிலும் சுற்றவிட வேண்டும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது

பகல் ஒரு மணிக்கு, வெயில் நன்றாக இருக்கும்போது, பேனலுக்குள் போகும் குழாயின் சூட்டை அளந்து பாருங்கள். காலையில் எல்லாரும் குளித்த பிறகும் அந்தக் குழாய் பத்து மணிக்கே நல்ல சூடாக இருந்தால், டேங்கை மின் ஹீட்டர் முந்திக்கொண்டு நிரப்பியிருக்கிறது. உள்ளே போவது பச்சைத் தண்ணீராக இருந்து, வெளியே வரும் குழாயில் கொதிக்கக் கொதிக்கக் கொஞ்சமாகவோ வராமலோ இருந்தால், பேனலின் செம்புக் குழாய்களில் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். போர் தண்ணீர் கடினமாக உள்ள இடங்களில் இது சீக்கிரமே வரும். அத்தகைய இடத்துக்கு வெற்றிடக் குழாய் வகையோ, பேனலுக்குள் நல்ல தண்ணீரைத் தனியாகச் சுற்றவிட்டு அதன் சூட்டை மட்டும் டேங்குக்கு மாற்றும் அமைப்போதான் பொருந்தும்.

டேங்க் சூடாக இருந்தும் கீழ்த்தளத்து மாணவர்கள் குறை சொன்னால் குழாயைப் பாருங்கள். ஓர் அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீர் நிற்கும். டேங்கிலிருந்து 40 மீட்டர் தள்ளியுள்ள குளியலறையில், வெந்நீர் வந்துசேரும் முன் 20 லிட்டர் ஆறிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஒருவர் குளிக்கும் தண்ணீர் அது. குழாய்க்கு நல்ல உறை போட்டு, கடைசிக் குளியலறையிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஒரு குழாயும் சின்ன மோட்டாரும் வைத்து, காலை நேரத்தில் மட்டும் சுற்றவிட்டால் இந்த வீண் நிற்கும்.

மின் ஹீட்டருக்கென்று தனி மீட்டர் ஒன்றைப் பொருத்தச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு விடுதிக் காப்பாளர் அந்த எண்ணையும், நேற்று வெயிலா மேகமா என்பதையும் ஒரு நோட்டில் குறிக்கட்டும். இந்த 200 பேர் விடுதியில் வெயில் நாளுக்கு மறுநாள் அது சில யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். அடைமழைக்கு மறுநாள் 56 பக்கம் போகலாம். வெயில் நாளிலும் எண் ஐம்பதைத் தாண்டினால், பேனலைக் குறை சொல்லும் முன் டைமரையும் காயில் இருக்கும் இடத்தையும் சரிபார்க்க ஆள் கூப்பிடுங்கள்.